பழைய படத்தைச் சீரமைக்கும் கட்டளை: கீறலை எடு, முகத்தைத் தொடாதே!

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தா பாட்டி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றாவது இருக்கும். அதில் கீறல் விழுந்திருக்கும், ஓரம் கிழிந்திருக்கும், கறுப்பு பழுப்பாகி, வெள்ளை மஞ்சளாகி இருக்கும். அதை வருடியில் இட்டுக் கணினிக்கு மாற்றி, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கொடுத்து, “இந்தப் படத்தைச் சரிசெய்” என்று ஒரே வரி எழுதினால் சில நொடிகளில் பளபளக்கும் படம் வந்துவிடுகிறது. பாட்டியிடம் காட்டுகிறீர்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூர்ந்து பார்த்துவிட்டு, “இது யார்?” என்று கேட்கிறார்!

படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் மாறிவிட்டார். இது ஏன் நடக்கிறது, ‘பிராம்ப்ட்’ எனப்படும் கட்டளையை எப்படி எழுதினால் இதைத் தவிர்க்கலாம் என்பதே இவ்வாரப் பாடம்.

நம் எடுத்துக்காட்டுப் படம்

பாடத்திற்காக ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இடம், கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலை. காலம், 1960-ஆம் ஆண்டுகள். ஒரு துணிக்கடையின் முன் ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் சொங்கோக் அணிந்த கடை முதலாளி. அவருக்கு இடப்பக்கம் நெற்றியில் திருநீறு பூசிய கணக்கப்பிள்ளையும் ஒரு பையனும். வலப்பக்கம் மூக்குத்தியும் பொட்டும் அணிந்த ஓர் அம்மாளும் அவர் கையைப் பிடித்த சிறுமியும். தலைக்கு மேலே கடையின் பெயர்ப்பலகை, தமிழில்.

படத்தின் அளவு 9 செ.மீ. x 13 செ.மீ. அகலமான பக்கம் கிடையாக இருக்கிறது. அதில் மூன்று வகைச் சேதம் உண்டு. ஒரு மெல்லிய கீறல் முதலாளியின் கன்னத்தின் மீதும் அம்மாளின் நெற்றிக்குப் பக்கத்திலும் ஓடுகிறது. வலப்பக்க மேல் மூலையிலிருந்து ஒரு கிழிசல் பெயர்ப்பலகையின் குறுக்கே இறங்குகிறது. அங்கே கட்டைவிரல் நகமளவு காகிதமே இல்லை, அதோடு இரண்டு எழுத்துகளும் போய்விட்டன. படம் முழுவதும் மங்கியிருக்கிறது. இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாக.

மூன்று சேதமும் ஒன்றல்ல

கண்ணுக்கு மூன்றும் ‘பழுது’தான். ஆனால் தகவல் என்ற கோணத்தில் பார்த்தால் மூன்றும் வேறு வேறு. இந்த வேறுபாடு புரிந்தால்தான் நல்ல கட்டளை எழுத வரும்.

முதலில் மங்கல். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள். படத்தைக் கழுவிய காலத்தில் ஹைப்போ என்னும் வேதிப்பொருள் முழுவதும் அலசப்படாமல் தங்கிவிட்டால், அதிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மஞ்சள் பழுப்பு நிற வெள்ளி சல்பைடாக மாறுகிறது. நம் நாட்டின் ஈரமும் வெப்பமும் இதைத் துரிதப்படுத்துகின்றன. ஆனால் கவனியுங்கள்: மங்கிய படத்தில் தகவல் பெரும்பாலும் அழிந்துபோகவில்லை. குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

கணினியில் ஒவ்வொரு பிக்சலின் ஒளி அளவும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. நம் படத்தில் மிகக் கறுத்த இடம் 90 ஆகவும், மிக வெளுத்த இடம் 200 ஆகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த 110 படிகளை 255 படிகளாக இழுத்து விரித்தால் மங்கல் நீங்கும்.

```
புதிய அளவு = (பழைய அளவு − 90) × 255 ÷ 110
```

145 என்ற பிக்சல் ஏறக்குறைய 128 ஆகும். 90 என்பது 0 ஆகும். 200 என்பது 255 ஆகும். இதில் எதையும் புதிதாக வரையவில்லை, வெறும் கணக்குத்தான். ஆனால் ஒரு வரம்பு உண்டு. சேலையின் வெள்ளைக் கரையும் அதன் பின்னாலுள்ள சுவரும் இரண்டுமே 200 ஆகிவிட்டிருந்தால், எந்தக் கணக்காலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

அடுத்தது கீறல். கீறல் ஓடிய இடத்தில் தகவல் போய்விட்டது. ஆனால் கீறல் மெல்லியது. இருபக்கமும் கன்னம் இருந்தால் நடுவிலும் கன்னம்தான் இருந்திருக்கும். அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இட்டு நிரப்பினால் பெரும்பாலும் தவறு வராது. கீறல் கண்மணியின் மேலோ உதட்டோரத்தின் மேலோ ஓடினால் மட்டுமே சிக்கல்.

மூன்றாவது, துண்டு காணாமல் போன கிழிசல். அந்த இரண்டு எழுத்துகள் எவை என்பதற்குப் படத்துக்குள் எந்தத் தடயமும் இல்லை. இங்கே நிரப்பப்படுவது எதுவானாலும் அது மீட்பு அல்ல, கற்பனை.

ஆக, மங்கலில் தகவல் ஒளிந்திருக்கிறது. கீறலில் பக்கத்தில் இருக்கிறது. காணாமல் போன துண்டில் அறவே இல்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவுச் செயலி இந்த மூன்றையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறது. அது கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது. ‘இத்தகைய இடத்தில் வழக்கமாக என்ன இருக்கும்?’ என்று ஊகித்துப் பிக்சல்களை வரைகிறது. வழக்கமான முகம் எது என்பது அது பழகிய படங்களைப் பொறுத்தது. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட பல்ஸ் என்ற மென்பொருளிடம், பராக் ஒபாமாவின் மிகவும் மங்கலான, கட்டம் கட்டமான படம் ஒன்றைக் கொடுத்தார்கள். அது தெளிவான முகம் ஒன்றைத் தந்தது. ஆனால் அது ஒரு வெள்ளைக்காரரின் முகம்! நம் தாத்தாவின் படத்துக்கும் இதுதான் நேரலாம்.

கட்டளைக்கு முன்: வருடியில் செய்ய வேண்டியவை

படத்தைத் துணியால் துடைக்காதீர்கள். பூச்சு பெயர்ந்துவிடலாம். கிழிந்த துண்டுகளை ஒட்டும் நாடாவால் ஒட்டாதீர்கள்; அதன் பசை பின்னாளில் மஞ்சளாகிக் கறைபடுத்தும். துண்டுகளை வருடியின் கண்ணாடிமீது நெருக்கமாக வைத்தாலே போதும். படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே வருடுங்கள்.

வருடியின் தெளிவை 600 dpi என்று அமையுங்கள். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 24 பிக்சல். நம் படம் சுமார் 3,100 x 2,100 பிக்சல் அளவில் கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில் வருடுங்கள். மஞ்சள் கறை எது, சாம்பல் நிறம் எது என்று அப்போதுதான் பிரித்தறியலாம். கோப்பை TIFF வடிவில் சேமியுங்கள். அந்த மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் வருடுங்கள். பெயரோ தேதியோ அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

இப்போது ஒரு முக்கியமான கணக்கு. படத்தில் முதலாளியின் முகம் 8 மி.மீ. அகலம். நம் கோப்பில் அது ஏறக்குறைய 190 பிக்சல். ஆனால் பல செயலிகள் பெரிய படத்தை வாங்கியதும், நீளமான பக்கம் ஆயிரத்துச் சொச்சம் பிக்சல் ஆகும்படி அதைச் சுருக்கிவிடும். அப்போது முகம் 60 பிக்சலுக்குச் சுருங்குகிறது. அறுபது பிக்சல் முகத்தில் கண் பத்துப் பதினைந்து பிக்சல்தான். பிறகு படத்தைப் பெரிதாக்கித் தரும்போது விடுபட்ட நுணுக்கங்களைச் செயலி தானே வரைகிறது. ஆள் மாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எனவே முழுப் படத்தையும் ஒரே முறையில் கொடுக்காதீர்கள். சேதமான இடத்தைச் சுற்றி 1,000 x 1,000 பிக்சல் அளவில் ஒரு சதுரத்தை வெட்டிக் கொடுங்கள். வெட்டிய இடம் எது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டளையின் நான்கு பகுதிகள்

நல்ல கட்டளை ஒரு மருத்துவரின் குறிப்பைப் போன்றது. எங்கே நோய், என்ன சிகிச்சை, எதைத் தொடக்கூடாது, தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். நம் படத்தின் கீறலுக்கு இப்படி எழுதலாம்:

“இது 1960-களில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒரு பகுதி. நடுவில் நிற்பவரின் வலது கன்னத்திலிருந்து, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் நெற்றியோரம் வரை ஒரு மெல்லிய வெள்ளைக் கீறல் ஓடுகிறது. அந்தக் கீறலை மட்டும் நீக்கு. கீறல் இருந்த இடத்தை அதன் இருபக்கமும் உள்ள நிறத்தாலும் படத்தின் மணல் போன்ற புள்ளித் தன்மையாலும் நிரப்பு. முகங்களின் வடிவம், கண், மூக்கு, உதடு, தோலின் நிறம், சுருக்கம், மச்சம் எதையும் மாற்றாதே. பெண்ணின் நெற்றியிலுள்ள கரும்புள்ளி பொட்டு. மூக்கிலுள்ள வெண்புள்ளி மூக்குத்தி. இவை கறை அல்ல; அப்படியே இருக்கட்டும். வண்ணம் சேர்க்காதே, தோலை மென்மையாக்காதே, படத்தைக் கூர்மையாக்காதே. படத்தின் அளவும் சட்டகமும் மாறக்கூடாது.”

பொட்டையும் மூக்குத்தியையும் ஏன் தனியாகச் சொல்கிறோம்? சேதம் என்று செயலிக்குத் தெரிவது சின்னச் சின்ன வெண்புள்ளி, கரும்புள்ளி, நீளக் கோடு ஆகியவைதான். மூக்குத்தி ஒரு வெண்புள்ளி. பொட்டு ஒரு கரும்புள்ளி. கணக்கப்பிள்ளையின் நெற்றியிலுள்ள திருநீறு மூன்று வெள்ளைக் கோடுகள்; கீறலைப் போலவே இருக்கும்! சொல்லாவிட்டால் தூசியோடு தூசியாக இவையும் துடைக்கப்படலாம். எனவே கட்டளை எழுதுவதற்கு முன் வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து, படத்தில் எவை உண்மையான அடையாளங்கள் என்று பட்டியல் போடுங்கள். தழும்பு, பல்லிடுக்கு, சட்டையின் ஒட்டுத் துணி ஆகியவையும் அதில் சேரும்.

‘அழகாக்கு’, ‘தரத்தை உயர்த்து’, ‘புதிது போல் ஆக்கு’ போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். இவை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. ‘உன் விருப்பம்போல் செய்’ என்று சொல்கின்றன. தோல் வெளுப்பதும், சுருக்கங்கள் மறைவதும், இறுகிய உதட்டில் புன்னகை தோன்றுவதும் இத்தகைய சொற்களால்தான்.

அடுத்து, கிழிசல். இதற்கான கட்டளை வேறு:

“வலப்பக்க மேல் மூலையிலிருந்து பெயர்ப்பலகையின் குறுக்கே இறங்கும் கிழிசலின் வெள்ளைக் கோட்டை மூடு. பலகையின் விளிம்பும் மரச்சட்டமும் நேராகத் தொடரட்டும். பலகையில் காகிதமே இல்லாத வெற்றிடத்தைச் சாம்பல் நிறத்தால் சமமாக நிரப்பு. அங்கே எழுத்து எதையும் எழுதாதே. மற்ற எழுத்துகளைத் திருத்தாதே, திரும்ப வரையாதே.”

தமிழ் எழுத்து விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும. பல படச் செயலிகள் எழுத்தை எழுத்தாக அறிவதில்லை. சுழியும் கோடுமாகவே பார்க்கின்றன. விட்டுவிட்டால் ‘ழ’ போலவும் இல்லாமல் ‘மு’ போலவும் இல்லாமல் ஏதோ ஓர் உருவத்தை வரைந்து வைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ். கிட்டே போனால் எந்த மொழியும் இல்லை. காணாமல் போன எழுத்து என்னவென்று பெரியவர்களுக்குத் தெரிந்தால், அதைப் படத்துக்குள் எழுதாமல் படத்தின் கீழே குறிப்பாக எழுதுங்கள்.

கடைசியாக மங்கல். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த பகுதியில் சொல்கிறோம். கட்டளை இது:

“படத்தின் மஞ்சள் சாயலை நீக்கி இயல்பான சாம்பல் நிறமாக்கு. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள இடைவெளியை விரி. இடப்பக்கம் அதிகம் மங்கியிருப்பதால் அதை வலப்பக்கத்துக்குச் சமமாக்கு. முற்றிலும் வெளுத்துவிட்ட இடங்களில் புதிய நுணுக்கம் எதையும் வரையாதே.”

மாறியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘மாற்றாதே’ என்று எழுதிவிட்டால் செயலி மாற்றாது என்று நம்பிவிடக் கூடாது. கட்டளை தவறைக் குறைக்கும், ஒழிக்காது. எனவே சோதனை வேண்டும்.

ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் மூலச் சதுரத்தைத் திறந்து, செயலி தந்த படத்தை அதே அளவுக்குக் கொண்டுவந்து அதன் மேல் இன்னோர் அடுக்காக வையுங்கள். மேலடுக்கின் முறையை `Difference` என்று மாற்றுங்கள். இப்போது கணினி ஒவ்வொரு பிக்சலிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. மாறாத இடம் 0, அதாவது கறுப்பு. மாறிய இடம் ஒளிரும்.

கீறல் கட்டளை சரியாக வேலை செய்திருந்தால், ஏறக்குறைய கறுப்பான திரையில் கீறல் ஓடிய கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். அங்கங்கே மெல்லிய புகைபோல் தெரிந்தால் கவலையில்லை. ஆனால் கண்ணின் வளைவும் மூக்கின் ஓரமும் உதட்டின் கோடும் ஓவியம்போல ஒளிர்ந்தால், செயலி முகத்தையே திரும்ப வரைந்துவிட்டது என்று பொருள். மங்கலை முதலிலேயே நீக்கியிருந்தால் எல்லாப் பிக்சலும் மாறி, திரை முழுவதும் ஒளிர்ந்து, இந்தச் சோதனை பயன்படாமல் போயிருக்கும். அதனால்தான் மங்கலைக் கடைசியில் வைத்தோம்.

முகம் மாறியிருந்தால் என்ன செய்வது? கட்டளையைத் திருத்தி மீண்டும் முயலலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. செயலி தந்த படத்தில் கீறல் இருந்த மெல்லிய பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். கீழடுக்கில் இருக்கும் உண்மை முகம் தானாக வெளியே தெரியும். ஒரு முகத்தில் ஐந்து பிக்சல் அகலக் கோடு மட்டும் செயலியின் வேலை. மீதி எல்லாம் அன்றைய கேமரா பார்த்தது.

மங்கலைச் சோதிக்க வேறு வழி. நாம் முன்னே பார்த்த கணக்கை ஜிம்பின் `Levels` என்ற வசதி அப்படியே செய்கிறது. நீங்களே 90, 200 என்ற எல்லைகளை அமைத்து ஒரு படம் தயாரியுங்கள். அதைச் செயலியின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் படத்தில் வெறும் வெள்ளையாக இருக்கும் சேலையில், செயலியின் படத்தில் மட்டும் மாங்காய்க் கரை தெரிந்தால், அந்தக் கரை செயலி நெய்தது!

எங்கே நிறுத்த வேண்டும்?

2021-இல் ஒரு நிகழ்ச்சி நடந்தது. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் துவோல் ஸ்லெங் சிறையில் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் படங்களை ஒருவர் கணினியில் வண்ணப்படுத்தினார். அவற்றுள் சில முகங்களில், மூலப் படத்தில் இல்லாத புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது. கம்போடியாவின் பண்பாட்டு அமைச்சு கண்டித்தது. படங்களை வெளியிட்ட இணைய இதழ் அவற்றை நீக்கியது. தெளிவாக்குவது வேறு, சாட்சியை மாற்றுவது வேறு. ஒரு குடும்பப் படமும் சாட்சிதான்.

எனவே மூன்று பழக்கங்களைக் கடைப்பிடியுங்கள். மூலக் கோப்பு, சீரமைத்த கோப்பு, நீங்கள் எழுதிய கட்டளை ஆகிய மூன்றையும் ஒரே உறையில் சேமியுங்கள். சீரமைத்த படத்தின் கீழ், ‘செயற்கை நுண்ணறிவால் கீறலும் கிழிசலும் நீக்கப்பட்டவை, பெயர்ப்பலகையில் இரு எழுத்துகள் இல்லை’ என்பதுபோல் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இணையச் செயலியில் ஏற்றும் படம் அந்நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடுகிறது. ஆகவே ஏற்றுவதற்கு முன் படத்தில் இருப்பவர்களிடமோ அவர்களின் குடும்பத்தாரிடமோ அனுமதி கேளுங்கள்.

செய்து பாருங்கள்

பழைய படத்தில் உண்மை எதுவென்று நமக்குத் தெரியாது. எனவே உண்மை தெரிந்த படத்தில் முதலில் பழகுங்கள். கைப்பேசியில் எடுத்த உங்கள் நண்பரின் தெளிவான படத்தை, அவரின் அனுமதியோடு, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அதன் நகலில் ஐந்து பிக்சல் அகலத்தில் கன்னத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். ஒரு கண்ணை முழுவதும் வெள்ளையால் மூடுங்கள். பிறகு `Levels` வசதியில் ஒளி அளவுகளை 90-க்கும் 200-க்கும் இடையே சுருக்குங்கள்.

இப்போது அதே படத்தை இரண்டு முறை செயலியிடம் கொடுங்கள்: ஒரு முறை ‘சரிசெய்’ என்ற ஒரே சொல்லோடு, இன்னொரு முறை நான்கு பகுதிக் கட்டளையோடு. இரண்டு விடைகளையும் மூலப் படத்தோடு ஒப்பிட்டு, கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை எழுதுங்கள்.

1. கன்னம், கண், மங்கல் ஆகிய மூன்றில் எது மூலத்துக்கு மிக அருகில் வந்தது? எது மிக விலகியது? காரணம் என்ன?

2. நீங்கள் சேதப்படுத்தாத இடங்களில் செயலி எவற்றையெல்லாம் மாற்றியது?

3. மூடிய கண்ணைச் செயலி மற்றக் கண்ணைப் பார்த்து வரைந்திருக்கும். உங்கள் நண்பரின் இரு கண்களும் உண்மையில் ஒன்றுபோலவா இருக்கின்றன?